அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் 100 ரூபாய்: சிறுவர்களுக்குக் கணக்குக் கதை எழுதப் பழகுவோருக்கு

கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் பையனின் சட்டைப்பையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "அவனிடம் 100 ரூபாய் இருந்தது" என்பது போதாது. 50 ரூபாய் நோட்டு ஒன்று, 20 ரூபாய் நோட்டு இரண்டு, 10 ரூபாய் நோட்டு ஒன்று. இப்படி நோட்டு நோட்டாக எழுத வேண்டும். நாணயம் இருக்கிறதா, இல்லையா என்பதையும் எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், குழந்தைகள் சரிபார்ப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். கதையில் வரும் பையன் கடைக்காரரிடம் 2 ரூபாய் நாணயத்தை நீட்டினான். உடனே ஒரு சிறுமி கையைத் தூக்கி, "அவன்கிட்டதான் வெறும் நோட்டா இருந்துச்சே, 2 ரூபா எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்த நாணயம் கதைக்குள் வந்த வழியை நான் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து சட்டைப்பையில் தொடங்காமல் நான் எழுதுவதில்லை.

அடுத்தது இடம். "ஒரு ஊரில் ஒரு திருவிழா" என்று எழுதினால் பொம்மைக் கடைகள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு திருவிழாவை எடுத்துக்கொண்டு, அங்கே மட்டும் நடக்கக்கூடிய ஒரு விஷயத்தைத் தேடுங்கள். நான் மதுரைச் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்கிறேன். சித்திரை முழுநிலவு நாள் அதிகாலையில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகை ஆற்றில் இறங்குகிறார். தல்லாகுளத்திலிருந்து ஆழ்வார்புரம் வரை மனிதத் தலைகள்தான். செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் ஒரு பக்கம். தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் சாமி மேலும் கூட்டத்தின் மேலும் பீய்ச்சுபவர்கள் இன்னொரு பக்கம்.

இந்தத் தண்ணீர்தான் நமக்கு வேண்டியது. பெரியவர்கள் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கும் பையனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றும்? பீச்சாங்குழல். ஆக, எந்தப் பொம்மை என்று நாம் தேட வேண்டியதில்லை. அதே தண்ணீர் கதையின் கடைசியில் ஒரு சிக்கலையும் கொண்டுவரப் போகிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

பையனுக்குப் பாண்டி என்று பெயர் வைப்போம். ஐந்தாம் வகுப்பு. தாத்தாவோடு வந்திருக்கிறான். வீட்டில் ஒரு தங்கச்சி, ஒரு கைக்குழந்தை. தங்கச்சிக்கும் தனக்கும் ஆளுக்கொரு பீச்சாங்குழல், பாப்பாவுக்கு ஒரு கிலுகிலுப்பை. இதுதான் அவன் சொல்லிவிட்டு வந்த பட்டியல். தாத்தா ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பஸ் காசு அவரிடம் இருக்கிறது. 100 ரூபாயைப் பேரன் கையில் கொடுத்து, "முதல்ல எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்துட்டு, மிச்சத்துக்கு என்ன வேணுமோ வாங்கிக்க" என்கிறார்.

டீ எதற்கு என்று கேட்பீர்கள். திருவிழாக் கடைகளில் பொம்மை விலை எல்லாமே 10, 15, 20, 50 என்றுதான் இருக்கும். கூட்டத்தில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. கணக்கு கொஞ்சம் கடினமாக இருக்கட்டும் என்று கிலுகிலுப்பைக்கு 13 ரூபாய் விலை வைத்தால், திருவிழாவைப் பார்த்த பிள்ளை நம்பாது. ஆனால் டீக்கடையில் 12 ரூபாய் என்பது இயல்பு. சின்ன நாணயங்கள் கதைக்குள் வர வேண்டுமென்றால் டீக்கடை வழியாக வரட்டும்.

டீக்கடைக் காட்சியில்தான் மீதிச் சில்லறையைக் காட்ட வேண்டும். இங்கே புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் "20-இல் 12 போனால் 8 என்று பாண்டி கணக்குப் போட்டான்" என்று எழுதிவிடுகிறார்கள். அது பாடப்புத்தக வரி. கடைக்காரர்கள் கழிப்பதில்லை. விலையிலிருந்து மேலே ஏறுகிறார்கள். நான் எழுதியது இப்படி:

"பாண்டி 20 ரூபாய் நோட்டை நீட்டினான். டீக்கடைக்காரர் இடது கையில் கிளாஸை வைத்துக்கொண்டே வலது கையால் கல்லாவைத் துழாவினார். 'பன்னெண்டு' என்று சொல்லி ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் சேர்த்து வைத்தார். 'பதினஞ்சு.' அதன் மேல் ஒரு 5 ரூபாய் நாணயம் விழுந்தது. 'இருபது. பாத்துப் போ தம்பி, சூடு.'"

8 என்ற சொல்லே இதில் வரவில்லை. ஆனாலும் வாசிக்கும் குழந்தைக்கு 3-ம் 5-ம் தெரியும், அது தானே கூட்டிக்கொள்ளும். இப்போது பாண்டியின் பையில் 50, 20, 10 நோட்டுகளும் 5, 2, 1 நாணயங்களும் இருக்கின்றன. மொத்தம் 88. இதையும் உங்கள் தாளில் எழுதிவிடுங்கள்.

இனி கடைகள். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு கடை வைத்தால் வாசிப்பவருக்கு விலை நினைவில் நிற்காது. முதல் கடை, தள்ளுவண்டி. பீச்சாங்குழல் ஒன்று 15 ரூபாய். இரண்டாவது, தார்ப்பாய் போட்ட கடை. அதே பீச்சாங்குழல், கொஞ்சம் கெட்டி, ஒன்று 20. ஆனால் மூன்றாக எடுத்தால் 50. மூன்றாவது கடையில் தகரப் படகு. உள்ளே சின்னத் திரி எரிய, தண்ணீர்த் தொட்டியில் டப் டப் டப் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். 60 ரூபாய் சொல்கிறார். பாண்டி பேரம் பேசி 50-க்குக் கொண்டுவருகிறான். அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை. பாண்டி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். படகை இந்த இடத்தில் வைத்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலைகளை வைக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். எது மலிவு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டால் அங்கே கதைக்கு வேலை இல்லை. நம் விலைகளைப் பாருங்கள். பாண்டிக்கு வேண்டியது இரண்டு. வண்டியில் 30 ரூபாய். தார்ப்பாய்க் கடையில் தனித்தனியாக எடுத்தால் 40. மூன்று 50 என்பதில் ஒன்றுக்கு 17 ரூபாய்கூட ஆகவில்லை, ஆனால் அதை எடுத்தால் தேவையில்லாத ஒரு குழலுக்காக 10 ரூபாய் கூடுதலாகப் போகும். "மூணு எடுத்தா லாபம்" என்ற கூவலில் விழும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஒன்றின் விலை குறைந்தது உண்மை, கையிலிருந்து போன பணம் கூடியதும் உண்மை. குழந்தைக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினாலே கதை பாதி வேலையைச் செய்துவிட்டது.

அப்படியானால் வண்டிதானே மலிவு என்று தோன்றும். அதனால்தான் பாண்டி சோதித்துப் பார்க்க வேண்டும். பீச்சாங்குழலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தண்ணீரை இழுத்து, முனையை விரலால் இறுக அடைத்து, தண்டைத் தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நல்லதாக இருந்தால் தண்டு நகராது, விரலில் அழுத்தம் தெரியும். வளையம் தளர்ந்திருந்தால் தண்ணீர் பின்பக்கமாகக் கசிந்து மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடும். வண்டிக் குழலில் பாண்டியின் சட்டைக்கை நனைகிறது. "தரம் குறைவாக இருந்தது" என்று எழுத வேண்டாம், முழங்கையில் ஓடும் தண்ணீரை எழுதுங்கள், போதும்.

சரி, இப்போது தார்ப்பாய்க் கடை முன்னால் நிற்கிறான். 40 கொடுக்க மனமில்லை. பக்கத்தில் இன்னொரு பையன், கையில் 20 ரூபாய் நோட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரே ஒரு குழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெயர் கார்த்தி. இவனுக்கு இரண்டு, அவனுக்கு ஒன்று. சேர்ந்தால் மூன்று. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கே நிதானமாக எழுதலாம்.

50 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் மீதமில்லாமல் வராது. பாண்டி இதை மண்ணில் எழுதி வகுக்கப் போவதில்லை. குழலுக்கு 15 என்று தொடங்குவான். மூன்று குழலுக்கு 45 ஆகிவிட்டது, இன்னும் 5 இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் ஏற்றினால் 48. ஆக, குழல் ஒன்றுக்கு 16, அதன் மேல் 2 ரூபாய் நிற்கிறது. அந்த 2 ரூபாயை யார் போடுவது?

"'டேய், நீ ஒண்ணுதான வாங்கப் போற? சேந்து வாங்கலாமா? மூணு அம்பதுங்கிறாரு.'
கார்த்தி நோட்டை விரித்துப் பார்த்தான். 'நான் எவ்ளோ தரணும்?'
'பதினேழு.'
'பதினாறுதான வருது. நீதான் ரெண்டு எடுக்கிற. மிச்ச ரெண்டு ரூவாயையும் நீயே போடு.'
பாண்டி சட்டைப்பைக்குள் கையை விட்டு நாணயங்களைத் தடவினான். ஒரு அஞ்சு, ஒரு ரெண்டு, ஒரு ஒண்ணு.
'உனக்கு நாலு ரூவா மீதி தரணும்னா என்கிட்ட நாலு இல்லடா. மூணுதான் வரும். அஞ்சு தந்தா எனக்கு ஒரு ரூவா திருப்பித் தருவியா?'
'என்கிட்ட ஏது? இது ஒண்ணுதான் இருக்கு.'
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நாணயங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
'சரி, மூணு குடு' என்றான் கார்த்தி."

5, 2, 1 என்ற மூன்று நாணயங்களில் எப்படிச் சேர்த்தாலும் 4 வராது. டீக்கடையில் விழுந்த சில்லறைதான் இந்தச் சண்டையைத் தீர்க்கிறது. அங்கே 8 ரூபாய்க்கு நான்கு 2 ரூபாய் நாணயங்கள் கொடுத்திருந்தால் 4 ரூபாய் தர முடிந்திருக்கும், கார்த்தி கேட்டதே நடந்திருக்கும். சட்டைப்பையைத் தாளில் எழுதச் சொன்னதற்குப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. முன்கூட்டியே யோசித்து வைத்தால் ஒரு கொடுக்கல் வாங்கலின் மீதி அடுத்ததைத் தீர்மானிக்கும். அப்போதுதான் கணக்குகள் தனித்தனியாக நிற்காமல் கதையாகச் சேரும்.

உங்கள் வாசகர்கள் மூன்றாம் வகுப்பு என்றால் "மூன்று 45" என்று வைத்து குழலுக்கு 15 எனப் பிரித்துவிடலாம். கணக்கு சுத்தமாக முடியும். ஆனால் அந்த 2 ரூபாய்ச் சண்டை போய்விடும். நானாக இருந்தால் வகுப்பை மாற்றுவேனே தவிர சண்டையை விடமாட்டேன்.

பாண்டி 50 ரூபாய் நோட்டைக் கடைக்காரரிடம் கொடுக்கிறான். கார்த்தியின் 20 இவன் பைக்கு வருகிறது, 3 ரூபாய் அவனுக்குப் போகிறது. பாண்டிக்குச் செலவு 33. தனியாக வாங்கியிருந்தால் 40. கார்த்திக்கு 3 ரூபாய் மிச்சம். இப்போது பையில் 20, 20, 10 நோட்டுகள், ஒரு 5 ரூபாய் நாணயம். மொத்தம் 55.

55 என்றவுடன் படகு நினைவுக்கு வரும். 50 ரூபாய்தான். ஆனால் பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை வாங்க வேண்டும், அது 15. வாங்கினால் 40 ஆகிவிடும், படகுக்கு 10 குறையும். இந்தப் போராட்டத்தை ஒரு பத்தி முழுக்க நீட்ட வேண்டாம். பாண்டி படகுத் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பனையோலைக் கிலுகிலுப்பை விற்கும் அம்மாச்சியிடம் போய்விடட்டும். எண்களே போராட்டத்தைச் சொல்லிவிடும்.

அம்மாச்சி தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். சற்று முன்தான் ஒரு கூட்டம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. சாக்கு, ஓலை, அவர் மடியில் இருக்கும் சுருக்குப்பை, எல்லாம் ஈரம். பாண்டி 20 ரூபாயோடு 5 ரூபாய் நாணயத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான். 20 மட்டும் கொடுத்தால் அம்மாச்சி 5 ரூபாய் தேட வேண்டும். 25-ஆகக் கொடுத்தால் ஒரே ஒரு 10 ரூபாய் நோட்டு போதும். நம் ஊர்க் கடைகளில் "அஞ்சு ரூபா இருக்கா தம்பி?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். பையன் கேட்காமலே கொடுக்கிறான் என்பதில் அவனுக்குக் கடைப் பழக்கம் இருப்பது தெரிந்துவிடும்.

இங்கே மீதியாக 10 ரூபாய் நாணயத்தைக் கொடுக்க வைக்காதீர்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும், நம் ஊரில் பல கடைகளில் வாங்கத் தயங்கிய காலம் உண்டு. வாசிக்கும் பிள்ளையின் மனம் அந்தப் பக்கம் போய்விடும். அதுபோக, நமக்கு இங்கே தேவை நோட்டுதான். ரூபாய் நோட்டு பருத்தியால் செய்த தாள். நனைந்தால் சட்டென்று கிழிந்துவிடாது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் 10 ரூபாய் நோட்டாக, ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பச்சை கலந்த மஞ்சள் நிற 20 ரூபாய் ஒட்டியிருந்தால் ஓரத்தில் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இரண்டும் பத்தாகவே இருக்கட்டும்.

தாத்தாவிடம் போகும் வழியில் பாண்டி ஆற்று மணலில் உட்கார்ந்து பணத்தை எடுத்துப் பார்க்கிறான். இங்கே கதையில் ஒரே ஒருமுறை முழுக் கணக்கு வரலாம். டீ 12, குழல் 33, கிலுகிலுப்பை 15. போனது 60. இருக்க வேண்டியது 40. விரித்துப் பார்த்தால் ஒரு 20, ஒரு 10, அப்புறம் தடிப்பாக ஒரு ஈரப் பத்து. நகத்தால் ஓரத்தைக் கீறினால் இரண்டாகப் பிரிகிறது. 50 ரூபாய் இருக்கிறது. பின்னால் படகின் டப் டப் சத்தம் கேட்கிறது. அதன் விலையும் 50.

போனதையும் இருப்பதையும் கூட்டினால் கொண்டுவந்தது வர வேண்டும். 60-ம் 50-ம் 110. அவன் கொண்டுவந்தது 100. இந்தச் சோதனையை அவன் தன் பாட்டுக்குச் செய்யட்டும். "இது என் பணம் இல்லை" என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. "நேர்மை" என்ற சொல்லை அந்தப் பக்கத்திலேயே எழுதாதீர்கள். 10 ரூபாய் கூடுதல் என்று கணக்கு சொல்கிறது. அவன் எழுந்து அம்மாச்சியிடம் நடக்கிறான். அவ்வளவுதான்.

இதற்குப் பின் பல வரைவுகள் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். படகுக்காரர் இதைக் கேள்விப்பட்டுப் படகை இலவசமாகக் கொடுத்துவிடுவார். அல்லது அம்மாச்சியே அந்தப் பத்தைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவார். அப்படிச் செய்தால் அதுவரை ஒவ்வொரு ரூபாயாக எண்ணி வந்த வாசகரைக் கைவிட்டதாகிவிடும். பாண்டிக்குப் படகு கிடைக்கக் கூடாது. அவன் திரும்பி வந்து, பீச்சாங்குழலில் தொட்டித் தண்ணீரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, படகு ஒரு சுற்று சுற்றும்வரை நின்று பார்க்கலாம். அப்புறம் தாத்தா கேட்பார், "எவ்ளோ மிச்சம்?" "நாப்பது தாத்தா." கதை அங்கே நின்றுவிடலாம்.

நீளம் 800 சொற்களுக்குள் இருக்கட்டும். எழுதி முடித்ததும் உண்மையான நோட்டும் நாணயமும் எடுத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு உட்காருங்கள். குழந்தை பாண்டி, நீங்கள் எல்லாக் கடைக்காரரும். கதையை வாசித்துக்கொண்டே காசைக் கைமாற்றுங்கள். கார்த்திக்கு 3 ரூபாய் கொடுக்கும் இடத்தில் குழந்தையின் கையில் அந்த நாணயங்கள் இல்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. கடைசியில் கையில் ஒரு 20-ம் இரண்டு 10-ம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளுக்குத் திரும்புங்கள். எந்த இடத்தில் குழந்தை "இரு, இரு" என்று நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது அல்லது கூடியிருக்கிறது.

நான் இதை விளையாடிப் பார்த்தபோது என் அக்கா மகன் எல்லாக் காசையும் சரியாக மாற்றினான். அம்மாச்சியிடம் பத்து ரூபாயைத் திருப்பித் தந்ததும் நான் தாளை மடக்கப் போனேன். அவன் விடவில்லை. "அவங்ககிட்ட மத்த நோட்டும் ஈரமாத்தான இருக்கும்? வேற யாருக்கும் ரெண்டு ரெண்டாக் குடுத்திருந்தா?" என்று கேட்டான். அன்று இரவே ஒரு வரி சேர்த்தேன். பாண்டி போன பிறகு அம்மாச்சி சுருக்குப்பையை அவிழ்த்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாக்கின் மேல் வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிலுகிலுப்பையைத் தூக்கி வைக்கிறார்.